மொத்தத் தொகை மட்டும் உள்ள ரசீதிலிருந்து வரியைப் பிரித்த அனுபவம்

பாம்பன் உறுப்பினர்: எங்கள் நாட்டுப்படகுக்கு வாங்கிய பெயின்டுக்குக் கடைக்காரர் கொடுத்த சீட்டில் "வரி உட்பட 4,750" என்று மட்டுமே இருந்தது. படகில் பங்குள்ள நால்வரும் விலையையும் வரியையும் தனித்தனியே எழுதச் சொன்னதால், பெயின்டுக்கு 18 சதவீதம் என்று அறிந்து, 4,750-இல் 18 சதவீதமான 855 ரூபாயைக் கழித்து, விலை 3,895 என்று எழுதிவிட்டேன். பிறகு 3,895-க்கு 18 சதவீதம் கூட்டிப் பார்த்தபோது 4,596 ரூபாய் 10 காசுதான் வந்தது. மீதி 153 ரூபாய் 90 காசு எங்கே போனது என்று இரவு முழுவதும் தேடினேன்.

தொண்டி உறுப்பினர்: தம்பி, வரி போடப்பட்டது விலையின் மேல்தானே தவிர, மொத்தத்தின் மேல் அன்று. விலை நூறு என்றால் மொத்தம் 118 ஆவதால், 4,750-ஐ 118-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். விலை 4,025 ரூபாய் 42 காசு, வரி 724 ரூபாய் 58 காசு என்று வரும். மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் அதில் பாதிப் பாதி, 362 ரூபாய் 29 காசு. எந்தச் சீட்டானாலும் இப்படியே பிரித்துவிடலாம்.

கீழக்கரை உறுப்பினர்: என் மளிகைச் சீட்டுக்கு அது ஒத்துவரவில்லை, அண்ணே. பொட்டலமாக இல்லாமல் உதிரியாக வாங்கிய அரிசிக்கு வரியே இல்லை. குளியல் சோப்புக்கு 22.9.2025 முதல் 5 சதவீதம். சலவைத் தூளுக்கு 18 சதவீதம். மூன்றும் சேர்ந்து ஒரே தொகையாக நின்றதால், நான் 1.18-ஆல் வகுத்த கணக்கில் அரிசிக்கும் வரி ஏறிவிட்டது. ஒவ்வொரு பொருளின் தொகையையும் கடையில் கேட்டு வாங்கிய பின்னரே பிரிக்க முடிந்தது.

தேவிபட்டினம் உறுப்பினர்: அந்த 724 ரூபாயை நாம் திரும்பப் பெற முடியுமா? என் வலைக் கடைச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது.

இராமேசுவரம் உறுப்பினர் (கணக்கு எழுதுபவர்): வரிப் பதிவு இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவருக்கு அது திரும்பாது, ஐயா. பாம்பன் தம்பி முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. சிறு கடைகள் பல காம்போசிஷன் திட்டத்தில் இருக்கின்றன. அத்தகைய வணிகர் தம் விற்பனைத் தொகையில் 1 சதவீதத்தைத் தம் கையிலிருந்து செலுத்துவாரே ஒழிய, வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அதைச் சீட்டிலும் கடைப் பலகையிலும் எழுதியிருக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட கடையானால் 4,750 முழுவதும் விலையே. 724 ரூபாயை வரி என்று எழுதுவது தவறு. என்னிடம் வந்த ஒரு படகுக் கணக்கில் ஓராண்டுச் சீட்டுகளை இப்படிப் பிரித்துவைத்து, பின்னர் அனைத்தையும் திருத்த நேர்ந்தது.

பாம்பன் உறுப்பினர்: "வரி உட்பட" என்று அவரே எழுதியிருக்கிறாரே, ஐயா? சீட்டின் மேற்பகுதி உப்புக் காற்றில் மங்கிப் பதிவெண் தெரியவில்லை. நாளை காலை கடைப் பலகையைப் பார்த்த பிறகே பேரேட்டில் மை வைப்பேன். அதுவரை 4,025 என்பதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.