பந்து எழும்பும் அளவுக்கு ஒரு சொல்: துள்ளல் விகிதமா, மீள்வேக விகிதமா?

அசைவூட்டக் கலைஞர்

நண்பர்களுக்கு வணக்கம். எழுதிக் கொடுத்தால் காணொளி உருவாக்கும் செயலிகளிடம் "இயல்பாகத் துள்ளும் பந்து" என்று கேட்டால், பந்து பலமுறை ஒரே உயரத்துக்கு எழும்பிவிட்டுத் திடீரென நின்றுவிடுவது உண்டு. ப்ராம்ப்டில் `g = 9.8` என்று எழுதுவதாலும் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. அச்செயலிகள் சமன்பாட்டைத் தீர்ப்பதில்லை. இத்தகைய காட்சிகள் எப்படித் தோன்றும் என்பதையே கற்றிருக்கின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துள்ளலும் முந்தைய உயரத்தில் எத்தனை பங்கு எழுகிறது என்பதற்குத் "துள்ளல் விகிதம்" என்னும் சொல்லை முன்வைக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர்

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த அளவுக்கு அது பெயர் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இயற்பியலில் நாம் எடுப்பது உயரங்களின் விகிதத்தை அன்று, தரையை விட்டு எழும் வேகத்துக்கும் மோதிய வேகத்துக்கும் உள்ள விகிதத்தை. உயர விகிதம் அதன் வர்க்கமாகும். வேக விகிதம் 0.8 என்றால், 1.25 மீட்டரிலிருந்து விட்ட பந்து 0.8 மீட்டர்தான் எழும். அதாவது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், 0.8 என்று எழுதுபவர் எதைக் கேட்கிறார் என்பது தெரியாது. வேகத்துக்கு "மீள்வேக விகிதம்" என்று தனியே வைக்கலாம்.

விளையாட்டு நிரலாளர்

நிரலில் `restitution = 0.8` என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். அது பந்தின் குணம். ரப்பர் பந்து என்று எழுதிவிட்டாலே விகிதமும் அதனுள் வந்துவிடும். காட்சியில் வேகம் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால் இரண்டு சொற்கள் தேவையில்லை என்று கருதுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்

நிரலில் ஓர் எண் என்பது சரி. ஆனால் அது பந்துக்கு மட்டும் உரிய குணமன்று; பந்தும் தரையும் சேர்ந்த இணைக்கு உரியது. சிமெண்டுத் தரையில் நன்றாக எழும் பந்து தடித்த கம்பளத்தில் சோர்ந்துவிடும். ப்ராம்ப்டில் தரையைக் குறிப்பிடாவிட்டால் செயலி தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

வேகம் தெரியாது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் காலம் தெரிகிறது. விநாடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட காணொளியில் மேற்சொன்ன பந்து தரையைத் தொட ஏறக்குறைய 12 சட்டகங்கள் ஆகும். பாதி நேரமான 6ஆம் சட்டகத்தில் அது கால் பங்குத் தொலைவையே கடந்திருக்கும். முதல் துள்ளல் 19 சட்டகங்களும் அடுத்தது 15 சட்டகங்களும் நீடிக்கும். 15ஐ 19ஆல் வகுத்தால் கிடைப்பது மீள்வேக விகிதமே. உயரம் குறைந்துகொண்டே வர, தரையைத் தொடும் இடைவெளி மட்டும் மாறாமல் இருந்தால், ஈர்ப்பு விசை துள்ளலுக்குத் துள்ளல் மாறுவதுபோல் தோன்றும். கண்ணுக்கு அது பொருந்தாது.

படக்கதை வரைபவர்

நான் கேட்கும் காட்சியில் பந்து இல்லை. மேசையிலிருந்து ஒரு மரப்பெட்டி விழுகிறது. அது துள்ளவே இல்லை, ஆயினும் தரைக்குச் சற்று மேலே மிதப்பதுபோல் தெரிகிறது. துள்ளல் விகிதத்தைச் சுழியம் என்று எழுதினால் சரியாகுமா?

அசைவூட்டக் கலைஞர்

அதற்கு விகிதம் உதவாது. அங்கே பிழை நிழலில் இருக்கக்கூடும். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வந்தால், பெட்டி மேலே இருக்கையில் நிழல் வலப்பக்கம் விலகி, மங்கி இருக்கும். பெட்டி விழ விழ நிழலும் விரைவுகூடி இடப்பக்கம் நகர்ந்து, தொடும் சட்டகத்தில் அடிப்புறத்தோடு சேர்ந்து கருமையாக வேண்டும். அந்தச் சட்டகத்தை நிறுத்திப் பாருங்கள். இடையில் வெளிச்சமான கீற்று தெரிந்தால் எந்தப் பொருளும் மிதப்பதாகவே தோன்றும். டேனியல் கெர்ஸ்டனும் உடனாய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பந்தின் பாதையை மாற்றாமல் நிழலின் பாதையை மட்டும் மாற்றியபோது, பந்து தரையை விட்டு எழுவதாகப் பார்வையாளர்களுக்குத் தோன்றியது.

எனவே நான் எழுதும் ப்ராம்ப்ட் இவ்வாறு அமைகிறது: "அசையாத கேமரா, இடப்பக்க மேலிருந்து ஒரே வெளிச்சம், சிமெண்டுத் தரையில் ரப்பர் பந்து விழுகிறது, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதில் மூன்றில் இரு பங்கு உயரமும் அதைவிடக் குறைந்த நேரமும் கொண்டது, தொடும் கணத்தில் நிழல் பந்தின் அடியைச் சேர்கிறது." இத்தனை சொல்லியும் மூன்றாம் துள்ளலுக்குப் பின் செயலி தவறுவது உண்டு; அதனால் காட்சியை அதற்குள் முடித்துவிடுகிறேன்.

விளையாட்டு நிரலாளர்

சட்டகக் கணக்கைக் கண்டபின் இரண்டு அளவுகள் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆயினும் "மீள்வேகம்" என்பதை மீண்டும் வந்த வேகம் என்று வாசிப்பவர்கள் இருப்பார்கள். "எழுவேக விகிதம்" என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்

சேர்க்கலாம். ஆனால் பக்கவாட்டுச் சுவரில் மோதித் திரும்பும் பந்து எழுவதில்லையே. அதற்கும் பொருந்தும் சொல் வேண்டும். உயரத்துக்குத் "துள்ளல் விகிதம்" என்பதில் எனக்கு மறுப்பில்லை.