வவுச்சர் விவரத்தைத் திருத்தி எழுதினேன்: “வாங்கிய நாளிலிருந்து” என்ற சொல்லால் வந்த வினை

பதிவிட்டவர்

இணையக் கடை ஒன்றில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பரிசு வவுச்சரில் முன்பு இருந்த விவரம் இது:

“அன்பானவர்களுக்கு ஓர் இனிய பரிசு! 1000 வரையிலான இந்த வவுச்சரை, வாங்கிய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு எங்கள் தளத்தில் எளிதாகப் பயன்படுத்தலாம்.”

ஒருநாள் ஓர் அம்மா அழைத்தார். தம்பி பிறந்தநாளுக்குக் கொடுத்த வவுச்சர். கையில் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, ஆனால் காலாவதி என்று வருகிறதாம். பார்த்தால், தம்பி அதை இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்திருக்கிறார். “அவன் என்றைக்கு வாங்கினான் என்று நான் அவனிடமே போய்க் கேட்பதா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நீட்டித்துக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

அந்த விவரத்தைப் படிப்பவர் வாங்கியவர் இல்லை, பெற்றவர். அவருக்கு வாங்கிய நாள் தெரியாது. “வரையிலான” என்பதும் தொல்லைதான்: 700க்கு வாங்கினால் மீதி 300 போய்விடுமோ என்று பலர் பயந்தார்கள். உண்மையில் மீதி அதே குறியீட்டில் இருக்கும்.

திருத்தியது:

மதிப்பு: 1000. ஒரே தடவையில் செலவழிக்க வேண்டியதில்லை, மீதி இதே குறியீட்டில் இருக்கும்.
கடைசி நாள்: 2026 ஜூன் 30 (அன்றும் செல்லும்).
பயன்படுத்த: பொருளைக் கூடையில் சேருங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் “பரிசு வவுச்சர்” பெட்டியில் குறியீட்டை இடுங்கள். “தள்ளுபடிக் குறியீடு” பெட்டியில் இடாதீர்கள்.

கணக்குப் பிரிவு நண்பரிடம் கைபேசியில் இதைப் பத்து விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். மதிப்பும் தேதியும் சரியாகச் சொன்னார். எந்தப் பெட்டி என்றதும், “தள்ளுபடிக் குறியீடு” என்றார்! “இடாதீர்கள்” மறந்துபோய், பெட்டியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது தவறான பெட்டியில் இட்டால், அங்கேயே “இது பரிசு வவுச்சர், கீழே உள்ள பெட்டியில் இடுங்கள்” என்று வரும்.

உறுப்பினர் 2

அருமை. ஆனால் நிபந்தனைகளை விட்டுவிட்டீர்களே? எல்லாவற்றையும் மேலே போட்டுவிட்டால் பின்னால் சண்டை வராது. எத்தனை மாதம் என்பதும் நம் விருப்பம்தானே, 3 மாதம் என்று போட்டால் சீக்கிரம் வாங்குவார்கள்.

உறுப்பினர் 3

நிபந்தனை முக்கியம் என்பது சரி, ஆனால் எல்லாம் மேலே வேண்டாம். பணம் செலுத்தும்போது ஆளைத் தடுத்து நிறுத்தக்கூடியது மட்டும் மேலே வரட்டும்: குறைந்தபட்சக் கொள்முதல், சில பொருளுக்குச் செல்லாது போன்றவை. “பணமாக மாற்ற இயலாது” என்பது கீழே போதும்.

காலம் நம் விருப்பம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பரிலிருந்து பெரும்பாலான பரிசு அட்டைகளுக்குக் குறைந்தது 3 ஆண்டு, காலாவதி விவரம் அட்டையிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் கடைப் பரிசு அட்டைகளின் பணத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு. விற்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுத வேண்டும்.

பதிவிட்டவருக்கு ஒன்று: விற்பனைப் பக்கத்தில் நிலையான தேதி போட முடியாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் வாங்குவார்கள். அங்கே “6 மாதம், கடைசி நாள் வவுச்சரில் அச்சாகும்” என்று எழுதுங்கள். தேதியை மின்னஞ்சல் வார்ப்புருவில் கணினியே நிரப்பட்டும். மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்றால் ஜூன் 5ஆ, மே 6ஆ என்று ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள்.

உறுப்பினர் 4

என்னிடம் ஒரு வவுச்சர் போன மாதம் காலாவதியாகிவிட்டது. கடைசி நாளுக்கு முன்பே அழைத்து முன்பதிவுக்கு நேரம் கேட்டேன், அடுத்த மாதம்தான் கிடைத்தது. போனால் செல்லாது என்கிறார்கள். உங்களை அழைத்தால் நீட்டித்துத் தருவீர்களா?

பதிவிட்டவர்

உங்களுடையது வேறு நிறுவனம், என்னால் செய்ய முடியாது, மன்னிக்கவும். அழைத்த தேதிக்கு ஆதாரம் இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். முன்பதிவு செய்து போகும் சேவை என்றால் “கடைசி நாள்” என்பது போதாதுதான். “ஜூன் 30க்குள் வந்து பயன்படுத்த வேண்டும்” என்றோ, “ஜூன் 30க்குள் முன்பதிவு செய்தால் போதும்” என்றோ இருந்திருக்க வேண்டும்.

உறுப்பினர் 3க்கு நன்றி, விற்பனைப் பக்கத்தை இன்றே மாற்றுகிறேன், 6 மாதத்தையும் சட்டப்பிரிவிடம் கேட்கிறேன். இன்னொன்றில் முடிவுக்கு வர முடியவில்லை. இன்று வாங்கி, இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேரும்படி அனுப்புகிறவர்கள் உண்டு. நான் சேரும் நாளிலிருந்து எண்ணலாம் என்கிறேன், கணக்குப் பிரிவு வாங்கிய நாள்தான் என்கிறது. உங்கள் இடத்தில் எப்படி?

உறுப்பினர் 3

எங்கள் பிரிவும் சேரும் நாள் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்குக் கணக்குப் பிரிவை இன்னும் சம்மதிக்க வைத்தபாடில்லை.