பிரசன்டேஷன் முடிந்ததும் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

மலர்: எம்.லிப். வகுப்பில் தரவுத்தளங்களை மதிப்பிடுவது, தேடும் முறை, ஆதாரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்லைடு எல்லாம் ரெடி, முடித்த பிறகு வரும் கேள்விகளை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. இதைப் பேசியவர்கள் இருந்தால் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்களேன்.

குமரவேல்: எனக்கு வந்த கேள்வி இது. எங்கள் பேராசிரியர் பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்:

```
dengue OR chikungunya AND children
```

"இதையே பப்மெட்டிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் போட்டால் ஒரே அர்த்தமா?" என்றார். அங்கிருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும், அதனால் டெங்குவோ சிக்குன்குனியாவோ எதுவாக இருந்தாலும் குழந்தைகள் பற்றியதாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். வெப் ஆஃப் சயின்ஸ் AND-ஐத்தான் முதலில் பார்க்கும், அதாவது சிக்குன்குனியாவுக்கு மட்டும்தான் குழந்தைகள் என்ற நிபந்தனை, டெங்கு என்று வருகிற கட்டுரை முதியவர்களைப் பற்றியதாக இருந்தாலும் உள்ளே வந்துவிடும். இரண்டில் வந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இந்தத் தரவுத்தளம் பெரியது" என்று ஸ்லைடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தரவுத்தளத்தின் அளவே இல்லை, அடைப்புக்குறி போடாததன் விளைவு. AND, OR இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள், பப்மெட் அதை எதிர்பார்க்கும்.

ரஃபி: மருத்துவத் தலைப்பு என்றால் கூகுள் ஸ்காலர் பக்கமே போகாதீர்கள் மலர். பப்மெட்டில் இருந்தாலே நம்பலாம். தேடும்போது மேற்கோள் குறி போட்டுவிட்டால் துல்லியமாக வரும், நான் எப்போதும் அப்படித்தான்.

தமிழரசி (மருத்துவ நூலகம்): ரஃபி தம்பி சொன்னதில் பாதி சரி. மேற்கோள் குறி போட்டால் சொன்ன சொற்றொடர் மட்டும் வரும், அது உண்மை. ஆனால் குறி இல்லாமல் heart attack என்று அடித்தால் பப்மெட் தானாகவே "myocardial infarction" என்ற மெஷ் சொல்லையும், அதாவது கட்டுரையின் பொருளைக் குறிக்க அது வைத்திருக்கும் நிலையான சொல்லையும், சேர்த்துத் தேடும். குறி போட்டதும் அந்த வேலை நின்றுவிடும். கட்டுரை எழுதுகிற டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டாவது சொல்லைத்தான் எழுதுவார்கள், ஆக நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி வராமலே போகும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் இதே கதைதான். அட்வான்ஸ்டு பக்கத்தில் நாம் தேடியதற்கு எதிரே டீடெய்ல்ஸ் இருக்கும், திறந்தால் அது என்ன தேடியது என்று முழுதாகக் காட்டும்.

அப்புறம் அந்த "பப்மெட்டில் இருந்தாலே நம்பலாம்". என்னிடம் கேட்கப்பட்டதே இதுதான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு கட்டுரை 1998-இல் லான்செட்டில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அது இன்றைக்கும் பப்மெட்டில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்போடு. பக்கத்தைத் திறந்தவருக்கு அது கண்ணில் படும். முன்பே பிடிஎஃப் இறக்கி நண்பருக்கு அனுப்பியவரின் கோப்பில் எந்த முத்திரையும் இருக்காது, ஆபத்து அங்கேதான். தேடலின் கடைசியில் இதைச் சேர்த்தால் அந்த மாதிரிக் கட்டுரைகள் விலகும்:

```
NOT "retracted publication"[pt]
```

மேற்கோள் பட்டியலை ஸோட்டீரோ மென்பொருளில் வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவை வைத்துத்தான் பார்க்கிறது. ஆனாலும் பிழையான கட்டுரை எல்லாமே திரும்பப் பெறப்படுவதில்லை.

செந்தில்: நம்பகம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரு ஜர்னல் என் கட்டுரையை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறது. யூஜிசி கேர் பட்டியலில் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

குமரவேல்: செந்தில், இங்கே பேச்சு வேறு. கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் யார் படித்து மதிப்பிட்டிருப்பார்கள்? பணம் கட்டாதீர்கள்.

ரஃபி: சரி அக்கா, மெஷ் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்காலரை நான் இன்னும் ஏற்கமாட்டேன். ஆயிரம் முடிவுக்கு மேல் காட்டாது, என்னென்ன இதழ்கள் உள்ளே இருக்கின்றன என்று பட்டியலும் தராது, அதை எப்படி மதிப்பிடுவது?

தமிழரசி: மதிப்பிட முடியாது என்பதையே ஸ்லைடில் போடலாம். ஆனால் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை மாதிரி பப்மெட் தொடாதவற்றுக்கு எனக்கு அது தேவைப்படுகிறது.

மலர்: குமரவேல் சார், எங்கள் கல்லூரியில் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தா இல்லை. அந்த டெங்கு உதாரணத்தை எப்படிக் காட்டுவது?

குமரவேல்: பப்மெட்டிலேயே காட்டலாம். அடைப்புக்குறியை இடம் மாற்றி இரண்டு முறை தேடுங்கள்:

```
(dengue OR chikungunya) AND children
dengue OR (chikungunya AND children)
```

இரண்டாவதில் எண்ணிக்கை எகிறும். முதல் பக்கத் தலைப்புகளைப் படித்துக் காட்டுங்கள், குழந்தையே இல்லாத கட்டுரைகள் தெரியும். முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வைஃபை வேலை செய்யாது.