எதற்கும் "சரி" என்பவரோடு எப்படிப் பேசுவது?

நீலவானம்:
திருமணமான ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. எதைக் கேட்டாலும் கணவர் "சரி, உன் விருப்பம்" என்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் இரவுப் பணிக்கு மாறலாமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். சென்ற மாதம் அவருடைய நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில், "நீங்கள் இரவு வேலைக்குப் போன நாளிலிருந்துதான் அவன் இப்படி ஆகிவிட்டான்" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்கிறார். எங்கள் பேச்சு இப்போது வீட்டுச் சாமான், பிள்ளையின் பள்ளி என்ற அளவில் நின்றுவிட்டது. சண்டைக்கே வராதவரோடு எப்படிப் பேசித் தீர்ப்பது?

அமைதிப்பிரியன்:
உங்கள் கணவரைப் போன்றவன்தான் நானும் என்பதால் அவர் பக்கத்தைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்பதே பெரிய மாயை. தம்பதியரை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், இணையர்களுக்கிடையே எழும் பிணக்குகளில் 69 விழுக்காடு ஒருபோதும் முழுமையாகத் தீராதவை என்கிறார். தீராது என்று தெரிந்த ஒன்றை எதற்காகக் கிளற வேண்டும்? நான் வாயை மூடிக்கொள்வது கோழைத்தனத்தால் அல்ல. பேசினால் மூன்று நாட்கள் வீடு வீடாக இருக்காது, பேசாவிட்டால் அன்று மாலைக்குள் சரியாகிவிடும் என்ற கணக்கால்தான். அவர் உங்களுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். அதைக் குற்றமாக்காதீர்கள்.

மூன்றாம்மாடி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேசாமலிருந்து தண்டிப்பதும் ஒருவகைக் கொடுமைதான். என் தந்தை கோபம் வந்தால் பத்து நாட்கள் எவரிடமும் பேசமாட்டார். நாங்களெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருப்போம். நீங்களும் பதிலுக்குப் பேசாமல் இருந்து பாருங்கள், தானாக வழிக்கு வருவார்.

செங்காந்தள்:
பதினைந்து ஆண்டுகளாகத் தம்பதியருக்கு ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். மூன்றாம்மாடி அவர்களே, தாங்கள் பட்டது உண்மையான துன்பம், ஆனால் அது வேறு. தங்கள் தந்தையின் மௌனம் தன் கோபத்தை வீடு முழுவதற்கும் தெரியப்படுத்தியது. இவருடைய கணவரோ சிரித்த முகத்துடன் "சரி" என்கிறார், வருத்தம் இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறார். அவரிடம் பதிலுக்குப் பேசாமலிருந்தால், "நல்லவேளை, இன்று எதுவும் கிளம்பவில்லை" என்று நிம்மதியடைவார்.

அமைதிப்பிரியன் அவர்கள் சொல்லும் 69 சரியான எண்தான். ஆனால் தீராத பிணக்கைப் பேசாமல் விடுங்கள் என்று காட்மன் சொல்லவில்லை. அதைப் பற்றிய பேச்சு கசப்பில்லாமல் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். மேலும், "விட்டுக்கொடுத்தார்" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். "எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனாலும் நீ போய் வா" என்று சொல்லியிருந்தால் அது விட்டுக்கொடுத்தல். அப்போது மனைவிக்குத் தான் பெற்றுக்கொண்டது என்னவென்று தெரிந்திருக்கும். மாதத்தில் இரண்டு வாரம் மட்டும் இரவுப் பணி கேட்கலாமா, ஓராண்டுக்குப் பிறகு மாறிக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்திருப்பார். வருத்தத்தை மறைத்துச் சொன்ன "சரி", அவரைத் தவறான தகவலின்மேல் முடிவெடுக்க வைத்துவிட்டது.

அதன்பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர் தனியாக இருக்கும் ஒவ்வோர் இரவும், "இவளுக்கு இது தெரியவில்லையா?" என்று ஒரு வரி கணக்கில் ஏறுகிறது. அப்படி ஒரு கணக்கு ஓடுவதே தெரியாத மனைவி வழக்கம்போல் இருக்கிறார், அந்த வழக்கமே அக்கறையின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. முதலில் இரவுப் பணி என்ற ஒன்றுதான் பேசப்படாத பொருள். ஆனால் மனைவியின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு அங்கே போய்விடும், விடுமுறையைத் திட்டமிட்டாலும் போய்விடும், நெருக்கத்தைப் பற்றிப் பேசினால் கட்டாயம் போய்விடும். ஆகவே அந்தப் பொருளுக்கு வழிவிடக்கூடிய ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகிறது. எங்கும் போய்ச் சேராதவை என்று மிஞ்சுபவை வீட்டுச் சாமானும் பள்ளியும்தான். கேள்வி கேட்டவர் எழுதிய கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள்.

அமைதிப்பிரியன்:
நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒருதலைப்பட்சமாக. அதே காட்மன், மோதலைத் தவிர்க்கும் தம்பதியரும் நிலையான மணவாழ்க்கை வாழ்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாரே? இன்னொன்று: ஒருவர் ஏன் பேச்சைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. திருமணமான புதிதில் நான் ஒரே ஒருமுறை, உறவினர் வீட்டில் என்னைக் கிண்டல் செய்தது பிடிக்கவில்லை என்றேன். அடுத்த இரண்டு மணி நேரம் என்னுடைய பழைய தவறுகள் அத்தனையும் வரிசையாக வந்தன. சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்குப் போகுமா?

செங்காந்தள்:
இரண்டாவதாகச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தவிர்ப்பவரை உருவாக்குவதில் மற்றவருக்குப் பங்கே இல்லாத வீட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். முதலாவது பாதிதான் சரி. அவர் சொன்ன நிலையான தவிர்ப்பாளர்கள், இருவருமே அப்படி இருப்பவர்கள். ஒருவர் தவிர்க்க, மற்றவர் பேச்சுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது.

காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 79 தம்பதியரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடுமையாக மோதிக்கொண்டு பிரிந்தவர்கள் திருமணமாகிச் சராசரியாக 5.6 ஆண்டுகளில் பிரிந்தார்கள். சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை என்று உணர்ச்சி வற்றிப் பிரிந்தவர்களுக்கோ சராசரி 16.2 ஆண்டுகள். 79 என்பது சிறிய எண்ணிக்கை, ஆகவே இதை எவருக்கும் சாதகக் கணிப்பாகக் கொள்ள வேண்டாம். ஆனால் நான் பணியில் காண்பதும் இதுவே: மௌனத்தால் வரும் பிரிவு மெதுவாக வருகிறது, வரும்வரை அதற்கு அமைதி என்று பெயர்.

தனிவழி:
எங்கள் வீட்டில் "சரி" என்றவள் நான்தான். பதினோராம் ஆண்டில் ஒருநாள் பிரிந்துவிடலாம் என்றேன். அவர் அதிர்ந்து, "நமக்குள் என்ன பிரச்சினை?" என்று கேட்டார். என்னிடம் நாற்பது பதில்கள் இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட அவர் அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமானது, அதனால்தான் அந்தந்த நாளில் சொல்லவில்லை. அன்று கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலவானம், உங்கள் கணவருக்கு இன்னும் கோபம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நல்லது.

நீலவானம்:
கடைசி வரி என்னை அச்சுறுத்துகிறது. நண்பரிடம் சொல்லியிருக்கிறார் என்றால் கோபம் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்கிறேன். செங்காந்தள் அவர்களே, எங்கிருந்து தொடங்குவது?

செங்காந்தள்:
"என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஒன்றுமில்லை" என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். பிரச்சினை உண்டு என்று முடிவு செய்துகொண்டு, அதன் அளவைக் கேளுங்கள்: "நான் இரவுப் பணிக்குப் போவது உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை?" எண் சொல்வது குறை சொல்வதைப் போல் இராது என்பதால், இத்தகையவர்களுக்கு அது எளிதாக வரும். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்க வேண்டாம், இருவர் கையிலும் ஏதேனும் வேலை இருக்கட்டும்.

அவர் விடை சொன்ன முதல் ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்கத்தான் எவருக்கும் வாய்வரும், நியாயமான கேள்வியும்கூட. ஆனால் நான்கு ஆண்டு மௌனத்தைக் கலைத்தவருக்குக் கிடைக்கும் முதல் கூலி ஒரு குற்றச்சாட்டு என்றால், அடுத்த முறை அவர் பேசமாட்டார். விளக்கமும் தற்காப்பும் அன்று வேண்டாம், அதைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே முகம் இறுகி மூச்சு மாறினால் நிறுத்திவிடுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் காதில் விழுவது மனத்தில் ஏறாது, தணியக் குறைந்தது 20 நிமிடங்கள் ஆகும். நிறுத்தும்போதே மறுபடி எப்போது பேசுவது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காத இடைவேளை அவருக்குத் தப்பிக்கும் வழியாகிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இணையரின் அடிக்கு அஞ்சி வாய்திறக்காதவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அங்கே மௌனம்தான் பாதுகாப்பு, தேவைப்படுவது வெளியிலிருந்து வரும் உதவி.

நீலவானம் (ஒன்பது நாட்களுக்குப் பிறகு):
துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். ஏற்கெனவே மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு, "ஏழு" என்றார். "ஏன் அப்போதே" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். "எந்த நேரத்தில் ஏழு?" என்று கேட்டதற்கு, "நீ வெளியே போய்க் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்போது" என்றார். அதோடு நான் அழுதுவிட்டேன். உடனே, "பார், இதற்காகத்தான் சொல்வதில்லை" என்று எழுந்து போய்விட்டார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேசலாம் என்று சொல்லியனுப்பினேன். ஐந்து மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தார், வந்து அரை மணி நேரம் குழாயில் நீர் கசிவதைப் பற்றியே பேசினார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் பகல் பணிக்கு ஓர் இடம் காலியாகிறது. அவரிடம் சொல்லாமலே மாறிக்கொண்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

அமைதிப்பிரியன்:
தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள். அந்த "ஏழு" என்ற விடையை நான் மூன்று முறை படித்தேன். அவருக்கு வேண்டியது பேச்சல்ல, இரவில் நீங்கள் வீட்டில் இருப்பது. சொல்லாமல் செய்யும் நன்மையை எங்களைப் போன்றவர்கள் புரிந்துகொள்வோம்.

செங்காந்தள்:
நான் உடன்படவில்லை. பகல் பணியில் உங்களுக்கு என்ன இழப்பு என்று அவருக்குத் தெரியாமல் மாறினால், அவர் சொன்ன அதே "சரி"யை இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், கணக்கு எழுதும் கை மட்டும் மாறுகிறது. ஊதியம் குறையுமா? இந்தப் பணி உங்களுக்குப் பிடித்திருந்ததா? அவற்றைச் சொல்லிவிட்டு மாறுங்கள். குழாயைப் பற்றிப் பேசினாலும் ஐந்து மணிக்கு வந்தாரே, அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

தனிவழி:
ஊதியத்தையும் பிடித்ததையும் இப்போது அடுக்கினால், "என்னால்தானே" என்று மறுபடி மூடிக்கொள்வார். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஆகாதா?

நீலவானம்:
ஊதியம் குறையும். பணியும் பிடித்துத்தான் இருந்தது, அதை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை என்பது இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் தெரிகிறது. விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளிதான் கடைசி நாள். அதற்கு முன் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது. படிவத்தை நிரப்பாமல் அவர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருக்கிறேன்.