உதவி: வசனம் முழுதாக வரவேண்டும், வரி நீளக்கூடாது

கரையோரம்: அவசரம், ஞாயிறுக்கு முன் கொடுக்க வேண்டும். இளையோர் கூட்டத்துக்கு வீடியோ. யோவான் 3:16ஐத் திரையில் போட்டால் வாசித்து முடிக்க முன்னம் போய்விடுகிறது. ஒரு சொல்லும் மாறக்கூடாது என்கிறார் போதகர். என்ன செய்யலாம்?

நெய்தல்: எந்த மொழிபெயர்ப்பு? நிமிர்ந்த படமா, படுத்த படமா? பின்னணியில் யாரும் வாசிக்கிறார்களா?

மணிக்கூடு: வரிக்கு 20 எழுத்துக்கு மேல் வேண்டாம். மென்பொருள் காட்டுகிற எண்ணைப் பார்த்து வெட்டுங்கோ.

நெய்தல்: 20 சரிதான், ஆனால் அந்த எண்ணை நம்பவேண்டாம். புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் அது தனியாக எண்ணும். ‘கெட்டுப்போகாமல்’ நமக்கு 8 எழுத்து, அதற்கு 15.

சுன்னாகத்தான்: எங்கட கோயில் நேரலையில் தேவாரம் போட்டோம், அடிக்கு ஓர் அட்டை. பிரச்சினையே இல்லை.

ஏடறிந்தவன்: தேவாரத்துக்கு அடி இருக்கு, உரைநடைக்கு எங்கே அடி? தம்பி, கேட்க முன்னம் பழைய இழைகளைத் தேடிப்பார்க்கிற பழக்கம் வேணும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் நாவலரை வைத்து மொழிபெயர்த்து 1850இல் வெளிவந்ததே, அந்தத் தமிழை எடுத்தால் வசனமே அழகாக நிற்கும்.

மணிக்கூடு: அதைச் சபைகளே ஏற்கவில்லை. அதை இப்போது யார் வாசிக்கிறார்கள்?

ஏடறிந்தவன்: ஏற்காததற்குத் தமிழா காரணம்?

கரையோரம்: பழைய மொழிபெயர்ப்புத்தான். போன் வீடியோ. குரல் இல்லை, இசை மட்டும். அட்டைக்கு 2 செக்கன். முதல் அட்டை ‘குமாரனை’ என்று முடியுது.

நெய்தல்: அங்கேதான் பிழை. ‘குமாரனை’ அடுத்து வரும் ‘விசுவாசிக்கிறவன்’ என்பதோடு சேரவேண்டியது. அங்கே அட்டையை வெட்டினால், ‘தேவன் குமாரனை…’ என்று வாசித்தவர் தந்தார் என்பதை எதிர்பார்த்து நிற்பார். இப்படிப் பிரியுங்கோ:

தேவன், தம்முடைய ஒரேபேறான
குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ

அவன் கெட்டுப்போகாமல்
நித்தியஜீவனை அடையும்படிக்கு,

அவரைத் தந்தருளி, இவ்வளவாய்
உலகத்தில் அன்புகூர்ந்தார்.
யோவான் 3:16

எந்த வரியும் 20ஐத் தாண்டாது, காற்புள்ளிகூட மாறவில்லை. ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டு ஆறுதலாக வாசித்து நேரம் பிடியுங்கோ, அதோடு ஒரு செக்கன் கூட்டுங்கோ. 4, 5 செக்கன் வரும். ‘தேவன்’ முதல் அட்டையில், ‘அன்புகூர்ந்தார்’ கடைசியில். இந்த வசனத்தில் அதைத் தவிர்க்க வழியில்லை.

மணிக்கூடு: 1 யோவான் 4:8இல் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று சின்னதாக இருக்கே?

நெய்தல்: அது வசனத்தின் பின்பாதி. முன்னால் மூன்று புள்ளி போடவேணும். அதோடு போதகர் கேட்டது அதை இல்லையே.

கரையோரம்: மூன்றாகப் பிரித்தேன், சரி வருது. இசைதான் முன்னமே முடியுது, பார்ப்பம்.

ஏடறிந்தவன்: மணிக்கூடு, கேட்டதற்குப் பதில் வரவில்லை.