பணிப்பாளருக்கு எழுதல்ல, அவருடைய பிஏவுக்கு எழுதினேன்

கல்முனைப் பொடியன்:
நெல் வாங்கி அரிசியாக்கி விற்கிற கொழும்புக் கம்பனி ஒண்டு, அம்பாறைக்குக் கள இணைப்பாளர் வேணும் எண்டு விளம்பரம் போட்டது. அதில இருந்தது எச்ஆரின் பொது மெயில் முகவரி மட்டும்தான். விண்ணப்பம் அனுப்பினேன். 'கிடைத்தது' எண்டு தானா வாற பதில் வந்தது, மறுகா சத்தமே இல்ல. ஆள் எடுக்கிறது கொழும்பிலயா அம்பாறையிலயா எண்டும் விளங்கல்ல.

செயற்பாட்டுப் பணிப்பாளரின் பெயர் இணையத்தளத்தில இருந்தது. அவருக்கு எழுதாம, கம்பனியின் பொது நம்பருக்கு அடிச்சு அவருடைய பிஏ ஆர், பெயரை எப்படி எழுதுறது எண்டு கேட்டேன். வரவேற்பில இருந்த மிஸ் மெயில் முகவரியோட சொன்னா.

மெயில் தலைப்பில பதவிப் பெயர், அம்பாறை, விளம்பர இலக்கம். உள்ளே எழுதினதின் சாரம் இதுதான்: "இந்தப் பதவிக்கு இன்ன திகதியில எச்ஆருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சம்மாந்துறைப் பக்கம் நெல் கொள்வனவில வேலை செய்த அனுபவம் இருக்கு. இந்த ஆட்சேர்ப்பைப் பார்க்கும் பிரிவுத் தலைவர் யார் என்று சொல்வீர்களா? பணிப்பாளரின் கவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை." கடைசியில பெயரும் போன் நம்பரும்.

அந்தக் கிழமையே பதில் வந்தது. இதை எடுக்கிறது எச்ஆர் இல்லையாம், விநியோகப் பிரிவு முகாமையாளராம். அவரையும் பிரதியில போட்டே எழுதியிருந்தா. அவர் சிவியைத் திரும்பக் கேட்டு வாங்கி, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார். முடிவு இன்னும் வரல்ல.

ஏறாவூர் நானா:
நல்லதுதான் தம்பி. ஆனா நானெண்டா பணிப்பாளரையும் சிசியில போட்டிருப்பேன். பிஏ அமுக்கினாலும் அவர் பார்ப்பார்தானே.

கல்லடி அக்கா:
நானா, கொழும்பில ஒரு தலைவருக்கு நான் கனகாலம் பிஏவா இருந்தனான். அவருடைய இன்பொக்ஸைக் காலையில திறக்கிறதே நான்தான். நீங்க சிசி போட்டா ஒரே கடிதம் எனக்கு ரெண்டு தரம் வரும். என்னை நம்பல்ல எண்டதும் விளங்கும்.

காலையில மெயில்களை மூண்டாப் பிரிப்பேன். அவரே பார்க்க வேண்டியது, வேற ஆளுக்குப் போக வேண்டியது, விட வேண்டியது. வேலை கேட்டு வாறது ரெண்டாவதுக்குள்ள வரும். "ஐயா/அம்மணி" எண்டு தொடங்கி வாழ்க்கை வரலாறு எழுதினா, ஒரு சொல்லும் சேர்க்காம எச்ஆருக்குத் தள்ளிவிடுவேன். தம்பி எழுதினதில பதவி, இடம், இலக்கம், ஒரு கேள்வி எல்லாம் இருக்கு. மேல "இதைப் பாருங்க" எண்டு ஒரு வரி போட்டு உரியவருக்கு அப்படியே அனுப்பலாம். ஆள் நல்ல ஆளா எண்டு பிஏ தீர்மானிக்கிறதில்ல, எங்க அனுப்புறது எண்டுதான் பார்ப்பா. அவவிட்ட சம்பளம் கேட்கவோ ஐயாவிட சொந்த நம்பர் கேட்கவோ வேணாம்.

இன்னொண்டு. பல கம்பனிகளுக்குக் கணக்காண்டு மார்ச் 31இல முடியுது. அந்தக் கடைசிக் கிழமையிலும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் அனுப்பினா அடியில போயிரும். விடுமுறையில நிற்கிறா எண்டு தானா பதில் வந்தா, அதில யாரைத் தொடர்பு கொள்ளணும் எண்டு பெரும்பாலும் இருக்கும். அதை வாசிக்காமலே திரும்பத் திரும்ப அனுப்புற ஆக்கள் நிறைய.

களுவாஞ்சிக்குடி அம்மா:
என்ட மகளுக்கு ஒரு அரச திணைக்களப் பதவி. செயலாளரின் பிஏவுக்கு இப்படி எழுதலாமா?

கல்லடி அக்கா:
வேணாம் அம்மா. அரச பதவிக்கு வர்த்தமானியிலயோ அறிவித்தலிலயோ சொன்ன முகவரிக்கு, சொன்ன திகதிக்குள்ள அனுப்பணும். பதிவுத் தபால் எண்டா பதிவுத் தபால், கடித உறையின் இடது மேல் மூலையில பதவிப் பெயர் எழுதச் சொன்னா எழுதணும். சிபாரிசு தேடினா தகுதி இழக்கப்படும் எண்டு சில அறிவித்தல்லயே போட்டிருப்பாங்க. அறிவித்தலில விசாரிக்கிறதுக்கு நம்பர் இருந்தா அதுக்கு மட்டும் அடிங்க.

ஏறாவூர் நானா:
சரி, சிசியை விடுறேன். ஆனா தம்பி, சிவியை இணைச்சிருந்தா அந்த முகாமையாளர் திரும்பக் கேட்கத் தேவைப்பட்டிருக்காதே?

கல்முனைப் பொடியன்:
எச்ஆரிட்ட ஏற்கெனவே இருந்ததால இணைக்கல்ல நானா. ஆனா அவர் திரும்பக் கேட்டவர்தான்.

கல்லடி அக்கா:
இதில ஆளுக்கொரு பழக்கம். எனக்கு ஒரு பக்க பிடிஎஃப் எண்டா வசதி. என்னோட வேலை செய்த மற்ற மிஸ், தெரியாத ஆள் அனுப்பின இணைப்பைத் திறக்கவே மாட்டா.

கல்முனைப் பொடியன்:
முகாமையாளர் பதில் போட்ட அண்டைக்கே பிஏ மிஸ்ஸுக்கு, "உரியவரிடம் சேர்ந்துவிட்டது, நன்றி" எண்டு ஒரு வரி அனுப்பினேன். இப்ப முடிவு எப்ப எண்டு அவவிட்டயே கேட்கலாமா, அக்கா?

கல்லடி அக்கா:
இல்ல, இனி முகாமையாளரிட்டக் கேளுங்க. அவர் பதில் போடாட்டி எச்ஆர். அவவின்ட வேலை முடிஞ்சிது.