டிஸ்சார்ஜ் சம்மரியை அப்பாவுக்குப் புரியும்படி எழுத உதவுங்கள்

இதயம் பலவீனமாகி அட்மிட் ஆன அப்பா வீடு திரும்பிவிட்டார். சம்மரியில் "ஃபுரோசமைடு 40 மி.கி., 1-0-0" என்றிருந்ததை, "உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, காலையில் மட்டும் ஒன்று" என்று எழுதிவிட்டேன். "எடை கவனிக்கவும்" என்பதற்கு: "தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால் நேராக எமர்ஜென்சி."

"ஒரு வாரத்தில் ரிவ்யூ, கிரியாட்டினின், பொட்டாசியம்" என்ற வரியை, அவர் பயப்படாதபடி எப்படி எழுதுவது? நன்றாக இருக்கிறேன் என்று போகாமல் இருந்துவிடுவார், அவர் சுபாவம் அப்படி. இன்னொன்று, வீட்டிலிருக்கும் பழைய பிரஷர் மாத்திரை பட்டியலில் இல்லை. நிறுத்தினார்களா, விட்டுப்போனதா என்று டாக்டரிடமே கேட்கப்போகிறேன். நர்ஸ், பார்மசிஸ்ட் யாராவது இருந்தால், கேட்க வேண்டியது வேறென்ன என்று சொல்லுங்கள்.